கீதா கேட்ட பணிவான கேள்வி

கீதா தறிக்கு ஊடை இழைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். வலது கை ராட்டையைச் சுழற்றியது, இடது கை விரல்களுக்கு நடுவே பட்டு இழை ஓடியது, காது மட்டும் தெருவில் கிடந்தது. தபால்காரர் தனகோடியின் சைக்கிள் மணிக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. பாதி அடித்து, மீதியைச் சோம்பலில் விட்டுவிடும்.

"லெட்டர் இருக்குதாண்ணா?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

"இருக்குதும்மா. வழியில உக்காந்து படிச்சிகினு இருக்கேன், முடிச்சிட்டுத் தரேன்" என்றார் தனகோடி. சைக்கிள் நிற்கவில்லை.

ஐப்பசியில் தொடங்கிய உரையாடல் இது. இப்போது மாசி. ஆரம்பத்தில் "இன்னும் வரலம்மா" என்று அன்பாகச் சொன்னவர், பொங்கலுக்குப் பிறகு கிண்டலுக்கு மாறிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. தினமும் ஒரே கேள்வியைக் கேட்டால் சாமியே கோபுரத்திலிருந்து இறங்கி வந்து கிண்டல் பண்ணும்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். அரசாங்கக் கழகம் ஒன்றின் வேலூர் மண்டல அலுவலகத்தில் தட்டச்சர் வேலைக்கு கீதா போய் வந்திருந்தாள். எந்தக் கழகம் என்று சொல்ல வேண்டாம். சொன்னால், அதை எழுத்துமூலம் உரிய வழியில் சொல்லும்படி கேட்பார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே ஆரணியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்த் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ் செய்தவள் கீதா. பாஸ் செய்த கையோடு திருவண்ணாமலை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தாள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பதிவைப் புதுப்பித்தாள். ஒரு தடவை காவ்யாவை வயிற்றில் சுமந்துகொண்டு, அடுத்த தடவை கிரணை இடுப்பில் சுமந்துகொண்டு. நெசவுக்காரர் வீட்டு மருமகள் எதற்கு எக்ஸ்சேஞ்ச் கார்டை அடைகாக்கிறாள் என்று தெருவே கேட்டது. அடைகாத்த முட்டை கடைசியில் பொரிந்தது. பதிவு மூப்பில் அவள் பெயர் போய், அழைப்புக் கடிதம் வந்தது. ஒரு இடத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே தட்டச்சுத் தேர்வு வைத்தார்கள், சான்றிதழ்களைச் சரிபார்த்தார்கள், நேர்முகம் கேட்டார்கள். "போகலாம்" என்றார்கள். வந்துவிட்டாள்.

அழைப்புக் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. தெரிவு செய்யப்பட்டவர்களுக்கு மட்டும் முடிவு தபால் மூலம் தெரிவிக்கப்படும். அந்த 'மட்டும்'தான் அவளைக் கொன்றது. கிடைத்தவர்களுக்குக் கடிதம் வரும். கிடைக்காதவர்களுக்கு எதுவும் வராது. ஆனால் இன்னும் முடிவே ஆகவில்லை என்றாலும் எதுவும்தான் வராது. இல்லை என்பதற்கும் இன்னும் இல்லை என்பதற்கும் கழகத்திடம் இருந்தது ஒரே மௌனம். அதற்குள் காத்துக்கொண்டிருப்பவர்கள் கிழவிகளாகிப் போகலாம்.

கிழவியாவதைப் பற்றிக்கூட கீதாவுக்குக் கவலையில்லை. அவளுக்கிருந்த அவசரம் முன்னறையில் இருந்தது.

மாமியார் ராஜம்மாள் முன்னறையில் இரண்டாவது தறிக்குக் குழி தோண்டுவதென்று முடிவு செய்திருந்தாள். நடு அறைத் தறியில் மகன் பாலமுருகன் நெய்கிறான். முன்னறைத் தறியில் கீதா நெய்ய வேண்டும். பங்குனி வேண்டாம், சித்திரை வளர்பிறையில் நாள் பார்த்தாகிவிட்டது. அந்த அறையில்தான் கீதாவின் மேசை இருந்தது, பிள்ளைகள் படித்தார்கள், டிவி ஓடியது. குழி வந்தால் அத்தனையும் சமையலறைப் பக்கம் ஒதுங்க வேண்டியதுதான்.

"எனக்கு நெய்யத் தெரியாதுன்னு இல்ல. குழிக்குள்ள காலை விட்டுகினு உக்காந்தா பாதி உசுரைப் புதைச்ச மாதிரி இருக்குது. தலை மட்டும் வெளிய" என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நான் பதினாலு வயசுலேர்ந்து புதைஞ்சிதான் கெடக்கிறேன். ஜம்முனு கீறேன் பாரு" என்றான் பாலமுருகன். அவனுக்குத் தறி பிடிக்கும். தறியில் உட்கார்ந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம். ஆனால் பெண்டாட்டி பேச்சையும் அவன் ஒரேயடியாகத் தள்ளுகிறவன் இல்லை. "அம்மாகிட்ட நான் சொல்றேன். வேலை வருதுன்னா குழி வேணாம். வரலன்னா தோண்டிடலாம். ஏதாவது ஒண்ணு தெரியணும் இல்ல?"

ராஜம்மாளும் அதற்கு ஒத்துக்கொண்டாள். "வேலை உண்டுன்னு சொல்லட்டும், நான் ஏன் அவளைக் குழியில தள்ளப் போறேன்? உண்டா இல்லியான்னு கேக்கச் சொல்லு. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

கேட்பது அவ்வளவு சுலபமா? எஸ்டிடி பூத்திலிருந்து ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். நம்பர் கிடைப்பதற்கே நாலு தடவை சுற்ற வேண்டியிருந்தது. கிடைத்ததும், "வணக்கம் சார், தட்டச்சர் நேர்முகத் தேர்வு முடிவு விஷயமா..." என்று ஆரம்பித்தாள். "தபால்ல வரும்மா" என்றது ஒரு குரல். "எப்ப சார் வரும்னு..." என்றபோது போன் ஏற்கெனவே தூங்கிவிட்டது. இதற்கிடையில் சேத்துப்பட்டில் ஒரு பெண்ணுக்கு ஆர்டர் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. விசாரித்தால் அது வேறு இலாகா, வேறு வேலை, போன வருஷத்து ஆர்டர். ஆனால் விசாரித்து முடிக்கும்வரை கீதா இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அப்போதுதான் தசரதன் மாமா உள்ளே வந்தார். கீதாவின் அம்மா வழியில் மாமா. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆனது அவர் உடம்புதான், அவருடைய தமிழ் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் காப்பி கேட்டால்கூட 'காப்பி வழங்க ஆவன செய்க' என்பார் என்று மாமி சொல்வாள்.

"போன்ல கேட்டியா? போன்ல கேக்கிறதெல்லாம் கேக்கிறதே இல்லம்மா. காகிதத்துல கேட்டாதான் அவங்க காதுல விழும். எடு பேப்பரை" என்றார்.

கீதா பேப்பரும் பேனாவும் எடுத்து மேசையருகே உட்கார்ந்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"இடது பக்கம் அனுப்புநர். உன் பேரு, புருஷன் பேரு, விலாசம். அதுக்குக் கீழ பெறுநர். மண்டல மேலாளர் அவர்கள். 'அவர்கள்' உட்டுடாத. அவரு ஒத்தை ஆளுதான், இருந்தாலும் அவர்கள்தான். அப்புறம் ஐயா. அப்புறம் பொருள்."

"பொருள் என்னங்க மாமா? ரிசல்ட் என்ன ஆச்சுன்னு எழுதட்டுமா?"

மாமா கண்ணைத் திறந்தார். அந்தப் பார்வையில் முப்பது வருஷத்துத் தாலுகா ஆபீஸ் வலித்தது.

"என்ன ஆச்சுன்னு கேட்டா, ஏன் லேட்டு பண்றேன்னு கேக்கிற மாதிரி. ஆபீஸ்ல லேட்டுன்னு ஒண்ணு கிடையாதும்மா. எல்லாம் நடவடிக்கையில இருக்கும். எழுது. பொருள்: தட்டச்சர் பணியிடம், நேரடித் தெரிவு, முடிவின் நிலை அறிய வேண்டுதல், தொடர்பாக. அதுக்கு அடுத்தது பார்வை. உனக்கு வந்த அழைப்புக் கடிதத்தோட எண்ணும் நாளும். அது ரொம்ப முக்கியம். அது இல்லன்னா உன் லெட்டரை எந்த ஃபைல்ல வெக்கிறதுன்னு தெரியாது. தெரியலன்னா எந்த ஃபைல்லயும் வெக்க மாட்டான்."

கீதா எழுதினாள். மாமா சொல்லச் சொல்ல வாக்கியம் நீண்டுகொண்டே போனது. 'பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்படி, மேற்படி பணியிடத்திற்கான தட்டச்சுத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் கலந்துகொண்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேற்படி தெரிவின் முடிவு வெளியிடப்பட்டிருப்பின் அதன் விவரத்தையும், வெளியிடப்படாதிருப்பின் தற்போதைய நிலையையும் தெரிவிக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.' கீழே அவளுடைய பதிவெண், நேர்முகத்துக்குப் போன தேதி. இணைப்பு: சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று.

"பாத்தியா? வந்திருந்தாலும் சொல்லு, வரலன்னாலும் சொல்லுன்னு ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தியாச்சு. ஆனா ஒரு வார்த்தை கோவமா இருக்குதா? அவன் படிச்சிட்டு உன் தலையில கை வெச்சி ஆசீர்வாதம் பண்ணணும்."

தறியிலிருந்து பாலமுருகன் குரல் கொடுத்தான். "மாமா, இதையே நான் முதலாளிகிட்ட, அடுத்த பாவு எப்ப குடுப்பீங்கன்னு கேக்க எழுதித் தருவீங்களா?"

"உன் முதலாளிக்கு இந்தத் தமிழ் தாங்காதுடா."

"பதிவுத் தபால்ல, ஒப்புகை அட்டையோட அனுப்பு" என்று சொல்லிவிட்டு மாமா போனார். ஒரு தடித்த உறைக்குள் எல்லாவற்றையும் போட்டு ஒட்டி, மேசைமேல் வைத்துவிட்டு, கீதா தண்ணீர் பிடிக்கப் போனாள். அந்த நேரத்தில்தான் ராஜம்மாள் சாமி மாடத்திலிருந்து மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அந்த வீட்டில் தறியின் நெடுக்கு இழையான பாவு புதிதாக ஏறினால் அதன் முனையில் மஞ்சள் வைப்பார்கள். மஞ்சள் வைக்காமல் ஏற்றிய பாவு நடுவழியில் அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் மாமியாருக்கும் தெரியும். வீட்டைவிட்டு நல்ல காரியத்துக்குப் போகிற எதுவும் மஞ்சள் இல்லாமல் படி தாண்டக் கூடாது. மருமகள் வேலைக்குப் போவதில் அவளுக்குப் பெரிய ஆசை கிடையாது. ஆனாலும் கேட்பது என்று முடிவெடுத்த பிறகு அரைகுறையாகக் கேட்கக் கூடாதல்லவா? உறையின் நாலு முனையிலும் மஞ்சளைத் தடவினாள். நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். ஈரம் காய உறையை ஜன்னலோரம் வைத்தாள்.

கீதா திரும்பி வந்து பார்த்தாள். துடைக்க முந்தானையை எடுத்தாள். பிறகு இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். மாமியார் தன் விஷயத்துக்காக மஞ்சள் தொட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பாலமுருகன் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தான். சில நாளில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து, கழகத்தின் முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. தனகோடி அதை நீட்டும்போது சைக்கிளை நிறுத்தியே நீட்டினார். "வந்துட்டுது பாரும்மா. இன்னா எழுதியிருக்கான்?"

"நம்ம லெட்டர் போய்ச் சேந்துதுன்னு எழுதியிருக்கான்."

"அதான் எனக்கே தெரியுமே" என்று மிதித்துக்கொண்டு போனார்.

பங்குனி முழுக்க ஒரு பதிலும் வரவில்லை. மாமா நினைவூட்டுக் கடிதம் ஒன்று போடலாம் என்றார். 'பார்வை இரண்டு' என்று முதல் கடிதத்தையும் சேர்த்துக் குறிப்பிடலாம் என்பதில் அவருக்கு ஒரு குஷிகூட இருந்தது. ஆனால் சித்திரை பிறந்துவிட்டது. குழி தோண்டுகிற ஆளிடம் ராஜம்மாள் நாள் சொல்லிவிட்டாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை, கீதா ஒப்புகை அட்டையையும் அழைப்புக் கடிதத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். பாலமுருகனும் தறியை நிறுத்திவிட்டுக் கூட வந்தான். கண்ணமங்கலம் வரும்வரை அவன் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் தூங்கிவிட்டான்.

அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் ஜெயம் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். மேசை ஓரத்தில் ஒரு தட்டச்சு இயந்திரம் உறை போட்டுக்கொண்டு, மேலே வெற்றிலைப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டு இருந்தது. கீதாவின் கண் முதலில் அதன்மேல்தான் போனது.

"வணக்கம்ங்க மேடம். தட்டச்சர் தெரிவு முடிவின் நிலை தொடர்பா ஒரு லெட்டர் அனுப்பியிருந்தேன்ங்க. அது விஷயமா பணிவோட கேட்டுப் போலாம்னு வந்தேன்."

மாமா சொல்லிக் கொடுத்ததில் பாதி வந்தது. ஜெயம் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு மரியாதையாக யாரும் அந்த மேசையில் பேசி நாளாகியிருக்க வேண்டும்.

"என்னைக்கு அனுப்பினீங்க?" என்று கேட்டுத் தபால் பதிவேட்டை எடுத்து விரலால் ஓட்டினார். மாசி முடிந்தது, பங்குனியும் முடிந்தது. "உங்க பேருல ஒண்ணும் வரலியேம்மா."

கீதா ஒப்புகை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஜெயம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து எங்க ஆளுதுதான். ஸீலும் எங்களுதுதான். அப்ப லெட்டர் எங்க போச்சு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு, "பேஜாரா இருக்குதே. நீங்க மேனேஜரையே பாத்துடுங்க. அவரு நல்ல மனுசன்தான். ஆனா நேரா கேக்காதீங்க, அவருக்குப் புடிக்காது" என்றார்.

"எப்படிங்க கேக்கிறது?"

"என்கிட்ட கேட்டீங்களே, அப்படி. இன்னும் கொஞ்சம் மெதுவா."

பாலமுருகன் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். ஜெயம் முன்னே போக, கீதா மேலாளர் அறைக்குள் போனாள். மேலாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நாற்காலியைக் காட்டினார். கீதா உட்காரவில்லை. "ஐயா அவர்கள் சமூகத்துக்கு..." என்று தொடங்கியவள் அதற்குமேல் போகவில்லை. அவள் கண் மேசையின் வலது ஓரத்தில் நின்றுவிட்டது.

அங்கே கல்யாணப் பத்திரிகைகள் ஒரு குவியலாக இருந்தன. மாசியும் வைகாசியும் முகூர்த்தம் நெருக்கியடிக்கிற மாதங்கள். கழகத்தின் குத்தகைக்காரர்கள், ஊழியர்கள், ஊழியர்களின் சம்பந்திகள் என்று ஊரே மேலாளருக்குப் பத்திரிகை வைத்திருந்தது. பிள்ளையார் போட்ட உறைகளுக்கு நடுவில், நாலு முனையும் மஞ்சளாக, நடுவில் குங்குமப் பொட்டோடு, பிள்ளையாரே இல்லாத ஒரு தடித்த உறை. அதன்மேல் இருந்தது அவளுடைய கையெழுத்து.

"சார், அது..." என்று விரலை நீட்டினாள்.

மேலாளர் அந்த உறையை எடுத்தார். முன்பக்கத்தைப் படித்தார். 'அனுப்புநர்: கீதா, க/பெ. பாலமுருகன், ஆரணி.' அவர் முகம் மலர்ந்தது. பிறகு வருத்தப்பட்டது.

"அடடே, நீங்கதானா? பதிவுத் தபால்லயே பத்திரிகை அனுப்பியிருந்தீங்கன்னு சொன்னாங்க. அவ்வளவு வேண்டியவங்க யாருன்னு யோசிச்சிகினே இருந்தேன். நாள் என்னைக்குன்னு பிரிச்சிப் பாக்கிறதுக்குள்ள ஆடிட் வந்துடுச்சு. வர முடியலம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணம் நல்லபடியா நடந்துதா?"

"நல்லா நடந்துதுங்க சார்" என்றாள் கீதா. "எட்டு வருஷம் ஆவுது."

ஜெயம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கொஞ்சம் பொறுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "மஞ்சள் தடவியிருந்தா அழைப்பிதழ்னு உங்க டேபிளுக்கு வந்துடும் சார். அழைப்பிதழைப் பதிவேட்டுல ஏத்த மாட்டோம். ஏத்தலன்னா ஃபைலுக்கு வராது. அதான் காணல."

மேலாளர் உறையைப் பிரித்தார். கடிதத்தை ஒரு தடவை படித்தார். இரண்டாம் தடவை படித்தார். தசரதன் மாமா அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். தன் எழுத்துக்கு இப்படி ஒரு வாசகன் கிடைத்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"பொருள், பார்வை, இணைப்பு, எல்லாம் சரியா இருக்குதே" என்றார் மேலாளர். "இவ்வளவு முறையா எழுதின லெட்டருக்குப் பதில் போடாம இருக்கக் கூடாது. ஜெயம், இன்னைக்குத் தேதி போட்டுத் தபால் பதிவேட்டுல ஏத்துங்க. ஒரு இடைக்காலப் பதில் அனுப்பிடலாம். டைப் பண்ணி எடுத்துட்டு வாங்க."

"சார்" என்றார் ஜெயம், ரொம்பப் பணிவாக. "டைப்பிஸ்ட் போஸ்ட் காலி சார்."

மேலாளர் கீதாவைப் பார்த்தார். கீதா ஜெயத்தைப் பார்த்தாள். ஜெயம் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க... ஹையர்தானே?" என்றார் மேலாளர்.

இப்படித்தான் கீதா தனக்கு வர வேண்டிய பதிலைத் தானே தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். ஜெயம் வெற்றிலைப் பொட்டலத்தை அகற்றி, உறையைக் கழற்றி, தூசியை முந்தானையால் துடைத்தார். மேலாளர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்று சொன்னார். 'பார்வையில் காணும் தங்கள் கடிதம் இவ்வலுவலகத்தில் பெறப்பட்டது. மேற்படி தெரிவுப் பட்டியல் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டுப் பரிசீலனையில் உள்ளது. ஒப்புதல் கிடைக்கப்பெற்றதும் தெரிவு செய்யப்பட்டவர்களுக்குத் தனியே தெரிவிக்கப்படும்.' விரல்கள் எட்டு வருஷத்துப் பிள்ளை வளர்ப்பையும் தார் சுற்றலையும் மறந்துவிட்டு, எழுத்துகளைத் தாமாகத் தேடிப் போயின. 'கிழமை' என்று தேதிக்குப் பக்கத்தில் அடிக்கும்போது ஒரு எழுத்து மாட்டிக்கொண்டது.

"அந்த ழ கொஞ்சம் சிக்கும்மா" என்றார் மேலாளர். "அழுத்தக் கூடாது, லேசா தட்டணும். ரெண்டு மூணு நாள் போனா உங்களுக்குப் பழகிடும்."

சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார். ஜெயம் இருமினார். கீதாவின் விரல் 'ழ' மேலேயே இருந்தது.

மாமா சொல்லிக் கொடுத்த பணிவு எல்லாம் எங்கோ போய்விட்டது. "சார், அப்ப லிஸ்ட்டுல என் பேரு இருக்குதா?" என்று கேட்டுவிட்டாள். ஆறு மாதமாக யாரும் கேட்க விடாத கேள்வி. கேட்டு முடித்த பிறகு அது எவ்வளவு சின்னக் கேள்வி என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேலாளர் காகிதத்தை உருவி எடுத்தார். பிழை தேடினார், கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டு ஜெயத்திடம் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வராண்டா வழியாகப் போய்விட்டார்.

கீதா பதிலை வாங்கக் கையை நீட்டினாள். ஜெயம் தலையை ஆட்டினார். "கையில தர முடியாதும்மா. அனுப்புகைப் பதிவேட்டுல ஏத்தி, உங்க உறையிலயே போட்டு, தபால்லதான் வரும்." கொஞ்சம் குனிந்து மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "அவரு ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. நீங்களும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. ஒப்புதல் வர வரைக்கும் எதுவும் கணக்குல இல்ல."

அவர் சொன்னது சரிதான். ஒப்புதல் ஆடி கழித்துத்தான் வந்தது. நியமன ஆணையைத் தனகோடி கொண்டுவந்து கொடுத்தபோது, வழியில் படிக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அந்த ஜெயத்துக்கு எதிர் நாற்காலியில் கீதா பல வருஷம் உட்கார்ந்தாள். போனில் யாராவது மெல்லிய குரலில் முடிவு கேட்டால், "தபால்ல வரும்ங்க" என்று அவளும் சொன்னாள். வேறு எதுவும் சொல்ல அதிகாரம் கிடையாது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் போனை உடனே வைக்க மாட்டாள். மஞ்சள் தடவிய உறை எது வந்தாலும் மற்ற தபாலுக்கு முன்னால் அதைத்தான் பிரித்துப் பார்ப்பாள். எப்போதுமே கல்யாணம்தான்.

ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் எதுவும் இல்லை. பஸ்ஸில் பாலமுருகனிடம் எட்டு வருஷக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பில் முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். 'ழ' பழகிடும் என்றதையும், பிறகு எழுந்து போன டிபன் கேரியரையும் பற்றி அவள் சொல்லவில்லை. ஆரணி வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, குழி தோண்டுகிற ஆள் வாசலில் கடப்பாரையைச் சாத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். விடியற்காலை முகூர்த்தத்துக்கு அளவு எடுத்துப் போக வந்திருந்தார். முன்னறையில் மேசை ஏற்கெனவே சுவரோரம் நகர்த்தப்பட்டிருந்தது. தரையில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டிருந்தது. ராஜம்மாள் கட்டத்துக்கு நடுவில் நின்றாள்.

"இன்னா சொன்னாங்க? உண்டா, இல்லியா?"

கீதா செருப்பைக் கழற்றினாள். கைப்பையை மேசைமேல் வைத்தாள். மேசையைப் பிடித்து, கட்டத்தின் குறுக்கே, பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள்.

"பரிசீலனையில இருக்குதுங்க அத்தை."

"இன்னாது?"

"லெட்டர் கெடைச்சிட்டுது. மேலிடத்துக்கு அனுப்பியிருக்காங்க. ஒப்புதல் வந்ததும் தனியா தெரிவிப்பாங்க. அதுவரைக்கும் குழியும் பரிசீலனையிலதான் இருக்கும். ஆளை அப்புறமா வரச் சொல்லுங்க."

பாலமுருகன் மெதுவாக நடு அறைப் பக்கம் நழுவி, தறிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டான். அங்கே யாரும் அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

"நல்ல நாளு போயிடுமேடி" என்றாள் ராஜம்மாள். "மேலிடம்னா யாரு? எப்ப ஒப்புதல் பண்ணுவான்? மஞ்சள் வெச்சி அனுப்பினேனே, அதுக்காவது ஒண்ணு சொன்னானா? அந்த ஆளு ஜல்தியா பதில் கேட்டுகினு வாசல்ல நிக்கிறான், அவனுக்கு நான் இன்னா சொல்றது? ஏய் கீதா, வேலை உண்டா இல்லியாடி?"

கீதா மூலையிலிருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, தண்ணீர் பிடிக்க வெளியே போனாள்.